ஈத்துக்கும் ஈத்துக்கும் நடுவே

கறவை மாடு வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, "நேரத்துக்கு எத்தனை லிட்டர் கறக்கும்?" என்பதைத்தான். போன கன்றுக்கும் இந்தக் கன்றுக்கும் எத்தனை மாத இடைவெளி என்று கேட்பவர் குறைவு. மாடு லாபம் தருமா என்பதைப் பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்விதான் சொல்லும்.

ஒரு கணக்குப் போடுவோம். இரண்டு கலப்பினப் பசுக்கள். முதல் பசு 13 மாதத்துக்கு ஒரு முறை ஈனுகிறது. ஒரு ஈத்தில் 2,700 லிட்டர் கறக்கிறது. இரண்டாவது பசு ஈனுவதற்கு 18 மாதம் ஆகிறது. கூடுதல் நாள் கறப்பதால் ஒரு ஈத்தில் 3,000 லிட்டர் தருகிறது. பார்வைக்கு இரண்டாவதுதான் நல்ல மாடு. ஆனால் பால் வற்றிய நாட்களையும் சேர்த்து வகுத்தால், முதல் பசு நாளொன்றுக்கு 6.8 லிட்டர், இரண்டாவது 5.5 லிட்டர். ஒரு நாளைக்கு 1.3 லிட்டர் என்றால் வருடத்துக்கு ஏறக்குறைய 475 லிட்டர். லிட்டர் 35 ரூபாய் என்று வைத்தாலும் 16,000 ரூபாய்க்கு மேல் போய்விடுகிறது. ஆறரை ஆண்டில் முதல் பசு ஆறு கன்று போடும், இரண்டாவது நான்குதான்.

பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாள். அதைக் குறைக்க யாராலும் முடியாது. நம் கையில் இருப்பது, கன்று போட்ட நாளிலிருந்து மறுபடி சினை பிடிக்கும் நாள் வரையிலான காலம் மட்டுமே. ஆண்டுக்கு ஒரு கன்று வேண்டுமானால் இந்தக் காலம் 85 நாளைத் தாண்டக் கூடாது. அதற்காக அவசரப்படவும் கூடாது. கருப்பை பழைய நிலைக்குத் திரும்ப ஆறு வாரம் வரை ஆகும்; அதனால் 60 நாள் கழித்துச் சினை ஊசி போடுவதே வழக்கம்.

ஜனவரி 10-ஆம் தேதி ஈன்ற பசு பிப்ரவரி 20 அன்று பருவத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஊசி வேண்டாம். தேதியைக் குறித்தால் போதும். பருவம் 21 நாளுக்கு ஒரு முறை திரும்பும். ஆக அடுத்தது மார்ச் 13, அதற்கடுத்தது ஏப்ரல் 3. மார்ச்சில் சினை பிடித்தால் டிசம்பர் நடுவிலும், ஏப்ரலில் பிடித்தால் ஜனவரி இரண்டாம் வாரத்திலும் கன்று கிடைக்கும். தவறவிடும் ஒவ்வொரு பருவமும் 21 நாள் தீவனச் செலவு.

நம் ஊரில் இந்தப் பருவங்கள் தவறுவதற்கு ஒரு காரணம், மாடு ஒன்றிரண்டாகக் கட்டுத்தறியில் நிற்பது. மற்ற மாடு மேலே தாவும்போது அசையாமல் நின்று கொடுப்பதுதான் பருவத்தின் உறுதியான அடையாளம். கட்டிக் கிடக்கும் மாட்டிடம் அதைப் பார்க்க வழியில்லை. பருவமும் ஒரு நாளுக்குள் முடிந்துவிடும். இரவிலேயே வந்து போய்விடுவதும் உண்டு. எனவே விடியற்காலையிலும் படுக்கப் போகும் முன்பும் கால் மணி நேரம் மாட்டைக் கவனியுங்கள். ஓயாமல் கத்துவது, தீவனத்தில் நாட்டம் குறைவது, பால் குறைவது, அடிக்கடி சிறுநீர் கழிப்பது, வாலிலும் தரையிலும் கண்ணாடி போன்ற வழும்பு தெரிவது ஆகியவை அடையாளங்கள். காலையில் கண்டால் அன்று மாலையும், மாலையில் கண்டால் மறுநாள் காலையும் ஊசி போட வேண்டும். வாலில் ரத்தக் கசிவு தெரிந்தால் பருவம் இரண்டு நாள் முன்பே முடிந்திருக்கும். அடுத்ததை 19 நாள் தள்ளி எதிர்பாருங்கள்.

வழும்பு கலங்கலாகவோ சீழ் கலந்தோ இருந்தால் கருப்பையில் நோய்த்தொற்று இருக்கலாம். அதற்குச் சிகிச்சை செய்யாமல் ஊசி போடுவது வீண். ஈன்ற 60 நாளாகியும் பருவமே தெரியாவிட்டாலும், மூன்று ஊசிக்கும் சினை நிற்காவிட்டாலும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஈன்ற பிறகு தீவனம் போதாமல் உடல் மெலிந்த மாடு பருவத்துக்கு வரத் தாமதமாகும். அதனால் அடர் தீவனத்தையும் தாது உப்புக் கலவையையும் கறவை தொடங்கும்போதே கவனிக்க வேண்டும்.

ஊசி போட்ட 21-ஆம் நாள் மாடு பருவத்துக்கு வரவில்லை என்பதாலேயே சினை என்று முடிவு செய்துவிடக் கூடாது. 60 நாளில் மருத்துவரிடம் சினைப் பரிசோதனை செய்யாமல் விட்டு, பால் வற்றிய பிறகு வெறும் மாடு என்று தெரிய வந்தால் பல மாதம் வீணாகியிருக்கும்.

அதிகப் பால் கறக்கும் மாட்டுக்கும் தலையீத்து மாட்டுக்கும் 13, 14 மாதம் ஆவதில் தவறில்லை. 15 மாதத்தைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். இன்றே தொழுவத்தில் ஒரு நாள்காட்டியை மாட்டி, ஈன்ற நாள், பருவம் கண்ட நாள், ஊசி போட்ட நாள் ஆகிய மூன்றையும் குறிக்கத் தொடங்குங்கள்.