லாசப்பலில் தீபாவளி: காஷ்பேக்கின் சின்ன எழுத்துகள்

லாசப்பலில் ரூ கையில் தொடங்கி ஃபோபூர் சான் தெனி வரை புடைவைக்கடை, நகைக்கடை, பலசரக்குக்கடை என்று தீபாவளிக் கூட்டம். அதே நாள்களில் கைப்பேசியிலும் ‘10 வீதம் காஷ்பேக்’ என்று விளம்பரம் வரும். அதில் பெரிய எழுத்தை விடச் சின்ன எழுத்துக்குத்தான் மதிப்பு.

ஒரு உதாரணக் கணக்கு: 10 வீதம், உச்சவரம்பு 20 யூரோ. 200 யூரோவுக்கு வாங்கியதும் சலுகை முடிந்துவிடும். 450 யூரோவுக்குப் புடைவை எடுத்தால் கையில் வருவது அதே 20 யூரோதான்; உண்மையில் நாலரை வீதம்கூட இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015 விதிப்படி, பொதுமக்களின் அட்டைக் கொடுப்பனவில் கடையின் வங்கி அட்டை வங்கிக்குக் கொடுக்கும் கட்டணம் டெபிட்டுக்கு 0.2, கிரெடிட்டுக்கு 0.3 வீதத்தைத் தாண்டக்கூடாது. அதற்குள் 10 வீதம் திருப்பித் தர முடியாது. பணம் விளம்பரச் செலவிலிருந்தோ கடையிடமிருந்தோ வர வேண்டும். வரம்பு இவ்வளவு இறுக்கமாக இருப்பது அதனால்தான்.

அதிகம் ஏமாற்றுவது ‘தகுதியான கொள்வனவு’. பையில் என்ன இருக்கிறது என்று வங்கிக்குத் தெரியாது. கடை பதிவாகியிருக்கும் வணிக வகைக் குறியீட்டைத்தான் அது பெரும்பாலும் பார்க்கும். அரிசியோடு பணம் அனுப்பும் சேவையும் நடத்தும் கடை வேறு வகையில் பதிவாகியிருக்கலாம். தங்கக்காசு, பரிசு அட்டை போன்றவற்றை நிபந்தனையில் பெரும்பாலும் விலக்கியிருப்பார்கள். இன்னொரு சிக்கல்: இங்குள்ள பல அட்டைகளில் சேபேயும் விசா அல்லது மாஸ்டர்காட்டும் சேர்ந்தே இருக்கும். சலுகை விசாவுடையது, இயந்திரம் சேபே வழியாகப் பணம் எடுத்தது என்றால் கணக்கில் சேராமல் போகலாம். எந்த வழியில் கொடுப்பது என்று இயந்திரத்திலேயே மாற்றிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

பணம் எப்போது வரும்? ‘சலுகை முடிந்து 45 நாளில்’ என்றால், அக்டோபர் 31இல் முடிவதற்கு டிசம்பர் நடுப்பகுதி. அதற்குள் அட்டையை மூடினாலோ புடைவையைத் திருப்பிக் கொடுத்தாலோ அந்தத் தொகை போய்விடக்கூடும். கடைசி நாள் வாங்கியது இரண்டு நாள் கழித்துக் கணக்கில் பதியலாம். எந்தத் தேதி கணக்கில் எடுக்கப்படும் என்று நிபந்தனையில் பாருங்கள்.

வரம்பையோ விலக்கையோ மறைத்தாலும், புரியாதபடி சொன்னாலும் பிரெஞ்சு நுகர்வோர் சட்டக் கோவையின் L121-2, L121-3 பிரிவுகளில் அது ஏமாற்று வணிக நடைமுறை ஆகலாம். முதலில் வங்கியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுத்தில் அனுப்புங்கள். மறுத்தாலோ, இரண்டு மாதத்தில் பதில் வராவிட்டாலோ வங்கியின் மத்தியஸ்தரிடம் இலவசமாகப் போகலாம். முறைப்பாடு எழுதிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். signal.conso.gouv.fr தளத்தில் அறிவித்தால் அது நுகர்வோர் கண்காணிப்பு அதிகாரிகளைச் சேரும். ஆனால் அங்கிருந்து உங்கள் 20 யூரோ நேரே திரும்பி வராது.

சலுகைப் பக்கம் விழா முடிந்ததும் மறைந்துவிடும். வாங்கும் நாளிலேயே நிபந்தனைகளைத் திரைப்பிடிப்பாக எடுத்து, பற்றுச்சீட்டோடு வைத்திருங்கள். மத்தியஸ்தரிடம் போக நேர்ந்தால் அந்த இரண்டும் கைகொடுக்கும்.