குப்புறத் தூக்கமும் கழுத்துப் பிடிப்பும்

காலையில் எழுந்தால் கழுத்து ஒரு பக்கம் திரும்ப மறுக்கிறது. வெந்நீரில் குளித்து, இரண்டு இட்லியைச் சாப்பிட்டு, வேலையில் உட்காரும் நேரத்துக்குள் அது தானாகவே இளகிவிடுகிறது. "தலகாணி மாறிப் போச்சு" என்று சொல்லி மறந்துவிடுகிறோம். மறுநாள் விடிந்ததும் அதே பிடிப்பு.

கழுத்து வலி என்று வருகிறவரிடம் பிசியோதெரபிஸ்டுகள் நாங்கள் முதலில் கேட்பது, வலி எந்த நேரத்தில் அதிகம் என்பதைத்தான். காலையில் சுமாராக இருந்து, பொழுது சாயச் சாய ஏறும் வலி என்றால் உட்காரும் விதத்தையும் செய்யும் வேலையையும் பார்க்கவேண்டும். எழும்போதே உச்சத்தில் இருந்து ஓரிரு மணி நேரத்தில் குறையும் வலி என்றால் இரவைப் பார்க்கவேண்டும். அப்படி வருகிறவர்களில் கணிசமானவர்கள் குப்புறப் படுப்பவர்கள்.

கழுத்தில் 7 எலும்புகள். தலையை இடமும் வலமும் திருப்பும் வேலையில் ஏறத்தாழ பாதியை, மண்டையோட்டுக்குக் கீழே உள்ள முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலான மூட்டே செய்துவிடுகிறது. மல்லாந்தோ ஒருக்களித்தோ படுத்தால் அந்த மூட்டுக்கு வேலையே இல்லை. குப்புறப் படுத்தால் மூச்சு விட இடம் வேண்டும் அல்லவா? அதற்காகத் தலையைக் கிட்டத்தட்ட அதன் எல்லை வரை திருப்பியாக வேண்டும். இப்போது உட்கார்ந்தபடியே முகவாயைத் தோள் பக்கம் முடிந்தவரை திருப்பி, இரண்டு நிமிடம் அப்படியே வைத்திருந்து பாருங்கள். விழித்திருக்கும்போது உடம்பு உடனே முனகுகிறது. அசந்து தூங்கும்போது அந்த முனகல் நமக்குக் கேட்பதில்லை. ஒரு பக்கத்துச் சிறு மூட்டுகள் அழுந்தியபடியும், மறுபக்கத்துத் தசைநார்கள் இழுபட்டபடியும் மணிக்கணக்கில் கிடக்கின்றன. காலையில் அவற்றைச் சுற்றியுள்ள தசைகள் 'இனி அசையாதே' என்று இறுகிக்கொள்கின்றன. அந்த இறுக்கத்தைத்தான் பிடிப்பு என்கிறோம். போதாக்குறைக்கு உயரமான தலையணையும் வைத்துக்கொண்டால், திரும்பிய கழுத்து பின்னாலும் வளைகிறது. கையைத் தலைக்கு மேலே தூக்கித் தலையணைக்கு அடியில் செருகிக்கொள்கிறவர்களுக்கு விரல் மரத்துப்போவது தனிக் கணக்கு.

குப்புறப் படுக்கிற எல்லோருக்கும் கழுத்து வலிப்பதில்லை. வலியும் மரப்பும் இல்லாமல் நிம்மதியாகத் தூங்குகிறவர் இதைப் படித்துவிட்டுப் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. இன்னொன்று: 'கொரோனா சமயத்தில் டாக்டர்களே குப்புறப் படுக்கச் சொன்னார்களே' என்று இன்றும் கேட்கிறார்கள். அது நுரையீரலின் பின்பகுதிக்குக் காற்று போவதற்காக நோயாளிகளுக்குச் சொன்ன சிகிச்சை. அதற்கும் கழுத்து நலனுக்கும் சம்பந்தமில்லை.

சரி, மாற்றவேண்டும் என்றால் 'இன்று முதல் ஒருக்களித்துத்தான் படுப்பேன்' என்று முடிவெடுத்தால் போதாதா? போதாது. ஒருக்களித்துத் தூங்க ஆரம்பித்தவர் நடுராத்திரியில் எப்படிக் குப்புற விழுகிறார் என்பதைப் பாருங்கள். மேலே இருக்கும் காலின் முட்டி முன்னால் சரிந்து மெத்தையில் இறங்குகிறது. முட்டி போன வழியில் இடுப்பு திரும்புகிறது, இடுப்பைத் தொடர்ந்து நெஞ்சு திரும்புகிறது, கடைசியில் கழுத்து மட்டும் எதிர்ப்பக்கம் முறுக்கிக்கொள்கிறது. ஆக, கழுத்தைக் காப்பாற்ற முட்டியைத் தாங்கவேண்டும்.

இரண்டாவது காரணம் மனசு சம்பந்தப்பட்டது. குப்புறப் படுப்பவருக்கு நெஞ்சிலும் வயிற்றிலும் மெத்தை அழுந்துவதுதான் தூக்கத்துக்கான சுகம். அதைப் பறித்துவிட்டால் உடம்பு தேடிப்போகும். பறிக்காமல் மெத்தைக்குப் பதில் தலையணையைக் கொடுத்தால் அமைதியாகிவிடும்.

ஒரு தையற்கடைக்காரரின் கதையைச் சொல்கிறேன். வயது நாற்பதைத் தாண்டியது. ஸ்கூட்டரில் போகும்போது இடப்பக்கம் திரும்பிப் பார்க்க முடியவில்லை என்பதுதான் அவருடைய புகார். நாளெல்லாம் துணிமீது குனிகிறவர் என்பதால் வேலைமீதுதான் சந்தேகம் வரும். ஆனால் வலி காலையில்தான் அதிகம், கடை திறக்கும் நேரத்தில் பாதியாகிவிடும் என்றார். வலப்பக்கம் ஃபேன் இருப்பதால் எப்போதும் வலப்பக்கம் முகத்தைத் திருப்பி, இரண்டு தலையணை வைத்துக் குப்புறப் படுப்பாராம்.

முதல் வாரம் படுக்கும் விதத்தில் நாங்கள் கை வைக்கவில்லை. தலைக்கு இருந்த இரண்டு தலையணைகளை எடுத்துவிட்டு, மடித்த துண்டு ஒன்றை மட்டும் நெற்றிக்கும் கன்னத்துக்கும் அடியில் வைத்துக்கொள்ளச் சொன்னோம். மெல்லிய தலையணை ஒன்று அடிவயிற்றுக்குக் கீழே போனது. ஃபேனை நகர்த்தி, ஒருநாள் வலம் ஒருநாள் இடம் என்று முகத்தை மாற்றிவைக்கச் சொன்னோம். இதிலேயே காலை வலி கொஞ்சம் இறங்கியது.

அடுத்த கட்டம்தான் முக்கியமானது. நீளமான உருட்டுத் தலையணை ஒன்றை நெஞ்சிலிருந்து தொடை வரை வருமாறு ஒரு பக்கமாக வைத்து, அதன்மீது பாதி உடம்பு சாய்ந்திருக்கும்படி படுக்கச் சொன்னோம். அந்தப் பக்கத்து முட்டியை மடித்துத் தலையணைமீது போட்டுக்கொள்ளவேண்டும். இது குப்புறமும் இல்லை, ஒருக்களிப்பும் இல்லை. ஆனால் உடம்பே பாதி எழும்பி நிற்பதால் கழுத்து முன்புபோல எல்லை வரை திரும்பவேண்டியதில்லை. நெஞ்சில் அழுத்தமும் கிடைக்கிறது. பலருக்கு இந்த நிலையிலேயே வலி நின்றுவிடும். அங்கேயே நின்றுகொண்டாலும் தப்பில்லை. தையற்கடைக்காரர் இரண்டு மூன்று வாரம் இதில் இருந்தார்.

பிறகு அதே உருட்டுத் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முழுதாக ஒருக்களிக்க வைத்தோம். மேல் கை அதன்மீது இருந்தால் தோள் முன்னால் இழுபடாது. மேல் காலுக்கு இன்னொரு தலையணை. அது முட்டிக்கு மட்டும் இல்லாமல் கணுக்கால் வரை தாங்கவேண்டும். முட்டிக்கு மட்டும் வைத்தால் பாதம் தொங்கி, இடுப்பு திரும்பி, தூக்கம் கலைந்து, விடிவதற்குள் மறுபடி குப்புற வந்துவிடுவார். அவருக்கும் முதல் நாட்களில் அப்படித்தான் ஆனது. விழிப்பு வந்தபோதெல்லாம் சத்தம் போடாமல் திரும்பிப் படுத்துக்கொண்டார், அவ்வளவுதான். தூங்கும்போது எல்லோரும் ராத்திரியில் பலமுறை புரளத்தான் செய்கிறோம். குப்புறக் கிடக்கும் மணிநேரம் குறைந்தால் போதும், அது சுத்தமாக ஒழிய வேண்டும் என்பதில்லை.

ஒருக்களிப்பதில் பலர் கோட்டை விடுவது தலையணையின் உயரத்தில்தான். மல்லாந்து படுக்கப் போதுமான தலையணை ஒருக்களிக்கும்போது போதாது. தோளின் அகலம் அளவுக்குத் தலைக்கும் மெத்தைக்கும் இடையில் பள்ளம் விழுகிறது. அந்தப் பள்ளத்தை நிரப்பவேண்டும். சுவரில் ஒரு பக்கத் தோளை ஒட்டி நின்று நேராகப் பாருங்கள். காதுக்கும் சுவருக்கும் இடையில் உள்ள தூரத்தை வீட்டில் யாராவது ஸ்கேல் வைத்து அளக்கட்டும். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 10 முதல் 15 சென்டிமீட்டருக்குள் வரும். தலையை வைத்து அழுத்திய பிறகு தலையணை அந்த உயரத்தில் நிற்கவேண்டும். கடையில் உப்பலாக இருப்பதைப் பார்த்து வாங்கினால் ஏமாந்துவிடுவோம். மெத்தென்ற ஃபோம் மெத்தையில் தோள் அமுங்கிவிடும் என்பதால் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். கோரைப்பாயில் படுப்பவருக்குத் தோள் அமுங்கவே அமுங்காது. அவருக்கு அளந்த உயரம் முழுதாக வேண்டும். நம் வீடுகளில் பாயில் படுப்பவர்கள்தான் சப்பையான தலையணையை வைத்துக்கொள்கிறார்கள், கழுத்து ராத்திரி முழுக்கக் கீழே தொங்குகிறது.

இலவம்பஞ்சுத் தலையணை நாளாக ஆகப் படிந்துவிடும். வெயிலில் காயவைத்துத் தட்டினால் கொஞ்சம் எழும்பும். அப்படியும் உயரம் போதாவிட்டால் உறைக்குள் துண்டை மடித்து வையுங்கள். ஒவ்வொரு மடிப்பாகக் கூட்டிக்கொண்டே போகலாம் என்பதால் விலை உயர்ந்த தலையணையைவிட இது எனக்குப் பிடிக்கும். தலையணை தலைக்கும் கழுத்துக்கும் மட்டும்தான், தோள் மெத்தையில் இருக்கட்டும். சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, படுத்திருக்கும்போது பின்னாலிருந்து ஒரு செல்போன் படம் எடுக்கச் சொல்லுங்கள். நடுமுதுகில் போகும் கோடு வளையாமல் பின்மண்டை வரை போனால் சரி. தலை மெத்தைப் பக்கம் சரிந்திருந்தால் ஒரு மடிப்பு கூட்டவேண்டும், மேலே ஏறியிருந்தால் குறைக்கவேண்டும்.

ஒருக்களித்துப் பழகும் ஆரம்பத்தில் கீழே அழுந்தும் தோள் வலிக்கலாம். உடம்பை நேராகத் தோள் மேலேயே நிறுத்தாமல், கீழ்த் தோளைச் சற்று முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டால் அழுத்தம் தோள்பட்டையின் பின்பக்கத்துக்குப் போய்விடும். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் இடப்பக்கம் ஒருக்களிப்பது நல்லது. மல்லாந்தால் பலமாகக் குறட்டை விட்டு, பகலில் தூங்கி விழுகிறவர்கள் தலையணையோடு நிறுத்திக்கொள்ளாமல் தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று மருத்துவரிடம் சோதித்துக்கொள்ள வேண்டும். இங்கே சொன்னதெல்லாம் பெரியவர்களுக்கு மட்டும். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையைத் தலையணை இல்லாமல் மல்லாத்திதான் தூங்கவைக்க வேண்டும்.

வலி தோளைத் தாண்டிக் கையில் இறங்குவது, பிடியிலிருந்து டம்ளர் நழுவுவது, நடை தடுமாறுவது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, விழுந்து அடிபட்ட பிறகு வரும் வலி, இவற்றில் எதுவும் தலையணையால் சரியாகாது. தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். அதுபோலவே, பிடித்த கழுத்தை முடிவெட்டும் கடையில் கொடுத்துச் சொடக்கெடுக்காதீர்கள். கழுத்து எலும்புக்குள் ஓடி மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அந்த ஒரு வெட்டிழுப்பில் கிழியக்கூடும்.