பில்லைப் படிக்கத் தொடங்கும் இடம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண்ணின் மேசைக்கு முதல் பில் வருகிறது. கோயம்புத்தூரில் பேக்கிங் டேப் தயாரிக்கும் ஒருவர் அனுப்பியது. அவர் கண் நேராக அடியில் இருக்கும் மொத்தத்துக்குத்தான் ஓடுகிறது.

"அது அப்புறம்மா. பில் யாரு பேருக்குப் போட்டிருக்குன்னு முதல்ல பாரு" என்கிறார் பக்கத்தில் இருக்கும் சீனியர்.

'பில் டு' என்ற கட்டத்தில் இருப்பது வாங்குபவரின் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண். 'ஷிப் டு' சரக்கு இறங்கும் இடம். அது குடோனாகவோ ஜாப் ஒர்க் யூனிட்டாகவோ இருக்கலாம். ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்துகள். முதல் இரண்டு மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து பான் எண். பதின்மூன்றாவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். அதே மாநிலத்தில் அதே பானில் இன்னொரு பதிவு இருந்தால் அங்கே எண் மாறும். முதலாளிக்கு இப்படித் தனிப் பதிவோடு ஒரு டையிங் யூனிட்டும் இருந்து, பில் அந்த எண்ணுக்குப் போய்விட்டால், வரிவரவும் அந்தப் பதிவின் GSTR-2B-யில்தான் போய் உட்காரும். பேனாவால் திருத்தினால் ஆகாது. சப்ளையர்தான் திருத்தித் தர வேண்டும்.

இனி தொகை. 200 ரோல், ஒன்று 45 ரூபாய்: 9,000. வண்டி வாடகை 500. ஆக வரிக்குரிய மதிப்பு 9,500. இருவரும் ஒரே மாநிலம் என்பதால் 18 சதவீத வரி இரண்டாகப் பிரிகிறது: சிஜிஎஸ்டி 855, எஸ்ஜிஎஸ்டி 855. மொத்தம் 11,210. சப்ளையர் பெங்களூருக்காரராக இருந்திருந்தால் 1,710 ரூபாயும் ஐஜிஎஸ்டி என ஒரே வரியில் வந்திருக்கும்.

ஆனால் கட்ட வேண்டியது 11,210 அல்ல. ஆர்டரின்போது 3,000 ரூபாய் அட்வான்ஸ் போயிருக்கிறது. பில்லில் அது கழிக்கப்படவில்லை, லெட்ஜரைப் புரட்டினால்தான் தெரிகிறது. பாக்கி 8,210. 500 ரூபாய் வாடகை பர்ச்சேஸ் ஆர்டரில் பேசியதுதானா, கேட் என்ட்ரியில் 200 ரோலும் இறங்கியதா என்பதையும் பார்த்த பிறகே அந்தத் தொகை நிற்கும்.

கெடு 30 நாள் என்றிருக்கிறது. உத்யம் பதிவுள்ள சிறு உற்பத்தியாளர் என்றால், எழுத்தில் பேசிக்கொண்டாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள்தான்.

கடைசியில் வங்கி விவரம். ஐஎஃப்எஸ்சி குறியீட்டின் 11 எழுத்துகளில் ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அவசரத்தில் 'ஓ' என்று அடித்துவிடுவார்கள். கணக்கு எண் போன பில்லில் இருந்ததிலிருந்து மாறியிருந்தால் பணம் அனுப்பாமல் நிறுத்தி, சப்ளையரிடம் போனில் கேட்க வேண்டும். அதுவும் இந்தப் பில்லில் அச்சான நம்பருக்கு அல்ல, ஏற்கெனவே கைவசமுள்ள நம்பருக்கு. மெயிலை இடைமறித்து, கணக்கு எண்ணை மாற்றிய பில்லை அனுப்புகிறவர்கள் போன் நம்பரையும் மாற்றிவிடுவார்கள்.

எண் மாறவில்லை. 8,210 ரூபாய் போகிறது. பில் எண்ணையும் யுடிஆர் எண்ணையும் குறிப்பிட்டு, அட்வான்ஸ் 3,000 கழித்ததாக ஒரு வரி சேர்த்து, அந்தப் பெண் சப்ளையருக்கு மெயில் போடுகிறார். இல்லாவிட்டால் அடுத்த மாதம் "மூவாயிரம் குறையுதே" என்று போன் வரும்.