இலவச ரோபக்ஸ் என்னும் ஏட்டுச் சுரைக்காய்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. ஏட்டில் சுரைக்காயை எவ்வளவு அழகாக எழுதி வைத்தாலும் அதை அரிந்து குழம்பு வைக்க இயலாது. இக்காலத்தில் அந்தச் சுரைக்காய் கைப்பேசித் திரையிலும் காய்க்கிறது. ‘உங்கள் கணக்கில் 10,000 ரோபக்ஸ் இலவசமாகச் சேர்க்கப்படும்’ என்று கூறும் இணையப் பக்கங்களைப் பலர் பார்த்திருப்பீர்கள். ரோபக்ஸ் என்பது ரோப்ளாக்ஸ் விளையாட்டுத் தளத்தில் செலாவணியாகும் நாணயம். அந்தப் பக்கங்கள் எவ்வாறு இயங்குகின்றன, அவற்றை நடத்துவோர்க்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

1. நாணயம் எங்கே இருக்கிறது?

வங்கியில் உங்கள் தந்தையாருக்கு ஒரு கணக்கு இருக்கிறது; அதில் 2,000 ரூபாய் உள்ளது என்று கொள்வோம். அவருடைய பாஸ்புக்கில் நீங்கள் பேனாவால் ஒரு சுழியத்தைச் சேர்த்து 20,000 என்று எழுதினால் பணம் பெருகுமா? பெருகாது. உண்மையான கணக்கு வங்கியின் கணினியில் இருக்கிறது. பாஸ்புக்கில் இருப்பது அதன் படி மட்டுமே.

ரோபக்ஸும் இத்தகையதே. உங்கள் திரையின் மேற்பகுதியில் தெரியும் எண், நிறுவனத்தின் கணினியில் உள்ள கணக்கின் படியாகும். ஒவ்வொரு முறை பக்கம் திறக்கும்போதும் அந்த எண் நிறுவனத்தின் கணினியிலிருந்து வருகிறது. வெளியார் நடத்தும் எந்தப் பக்கமும் அந்தக் கணக்கேட்டில் எழுத இயலாது.

அப்படியாயின், சில காணொளிகளில் எண் கண்முன்னே பெருகுகிறதே என்று நீங்கள் கேட்கலாம். கணினியின் உலாவியில், திரையில் தெரியும் எழுத்தை மாற்றிக் காட்டும் கருவி ஒன்று உள்ளது. இணையப் பக்கம் வடிவமைப்போர் தம் பணிக்காக அதைப் பயன்படுத்துவர். அதைக் கொண்டு 50 என்பதை 50,000 என்று மாற்றிப் படம் பிடிக்க ஒரு நிமிடம் போதும். பக்கத்தை மீண்டும் திறந்தால் பழைய 50 வந்து நிற்கும். அந்தக் காணொளிகள் இந்த மறுதிறப்பைக் காட்டுவதில்லை.

2. பக்கம் நடத்தும் நாடகம்

எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் தாயின் கைப்பேசியில் இத்தகைய பக்கம் ஒன்றைத் திறக்கிறான் என்று கொள்வோம். பக்கம் முதலில் அவனுடைய விளையாட்டுப் பெயரை மட்டும் கேட்கிறது, கடவுச்சொல்லைக் கேட்கவில்லை. ஆகவே ஆபத்து இல்லை என்று அவன் எண்ணுகிறான். பெயரை எழுதியதும் அவனுடைய விளையாட்டு உருவத்தின் படமே திரையில் தோன்றுகிறது. அவன் நம்பிவிடுகிறான். ஆனால், அந்தப் படம் எவரும் பார்க்கக்கூடிய பொதுப் பக்கத்தில் இருப்பதே. அதை எடுத்துக் காட்ட எந்தச் சிறப்பு உரிமையும் தேவையில்லை.

அடுத்து எவ்வளவு ரோபக்ஸ் வேண்டும் என்ற கேள்வி. அவன் 10,000 என்பதைத் தொடுகிறான். பச்சைக் கோடு ஒன்று மெல்ல நீள்கிறது. ‘இணைக்கப்படுகிறது, கணக்கு கண்டறியப்பட்டது, நாணயம் உருவாக்கப்படுகிறது’ என வரிகள் ஓடுகின்றன. பக்கத்தின் ஓரத்தில், ‘எனக்குக் கிடைத்துவிட்டது, நன்றி’ என்று யார் யாரோ எழுதிக்கொண்டே இருக்கின்றனர். இவை அனைத்தும் முன்னரே எழுதி வைக்கப்பட்ட காட்சிகள். பக்கத்தை மூடித் திறந்தால், அதே பெயர்கள் அதே வரிசையில் அதே நன்றியைச் சொல்வதைக் காணலாம். உலகில் இல்லாத ஒரு பெயரை எழுதினாலும் பல பக்கங்கள் ‘கணக்கு கண்டறியப்பட்டது’ என்றே கூறும்.

கோடு முழுமை பெற்றதும் `Human Verification` என்ற தலைப்பு வருகிறது. நீங்கள் மனிதர்தாம் என்பதை மெய்ப்பிக்க இரண்டு செயல்களைச் செய்க என்கிறது. ஒரு செயலியை நிறுவுதல், ஒரு கருத்துக்கணிப்பை நிரப்புதல், கைப்பேசி எண்ணை எழுதுதல் போன்றவை அச்செயல்கள். நாடகத்தின் உண்மையான நோக்கம் இந்த இடத்தில்தான் உள்ளது. செயலியை ஒருவர் நிறுவினால், அவரை அனுப்பி வைத்தவர்க்கு விளம்பர நிறுவனம் ஒரு சிறு தொகை தருகிறது. பக்கத்தை நடத்துபவர் அந்தத் தொகையைப் பெறுகிறார். மாணவன் செய்தது கூலியில்லா வேலை, கூலி மற்றொருவர்க்கு.

இரண்டு செயல்களையும் முடித்த பின்னர், ‘சரிபார்ப்பு நிறைவேறவில்லை, வேறொன்றை முயல்க’ என்ற செய்தி வருகிறது. மூன்றாவதைச் செய்தாலும் அதே செய்திதான். கொடுப்பதற்கு எதுவும் இல்லாத பக்கத்தில் இறுதிப் படி என்று ஒன்று இருக்க இயலாது.

மாணவன் இழந்தது ஒரு மாலைப் பொழுது மட்டுமன்று. தாயின் கைப்பேசி எண்ணையும் பிறந்த நாளையும் அவன் எழுதிக் கொடுத்துவிட்டான். இனி அந்த எண்ணுக்கு அறியாத அழைப்புகள் வரும். செயலிக் கடைக்கு வெளியிலிருந்து ஒரு செயலியை அவன் நிறுவியிருந்தால் இடர் இன்னும் பெரிது. குறுஞ்செய்திகளைப் படிக்கும் உரிமையை அச்செயலி பெற்றுவிட்டால், வங்கி அனுப்பும் ஓடிபியையும் அது படிக்கும்.

3. திறவுகோலைக் கேட்கும் சூழ்ச்சி

மற்றொரு வகை இதனினும் கொடியது. அது உங்கள் கணக்கின் திறவுகோலையே கேட்கும். நீங்கள் ஒருமுறை உள்நுழைந்தவுடன், நிறுவனத்தின் கணினி உங்கள் உலாவிக்கு ஓர் அனுமதிச் சீட்டைத் தருகிறது. அதனைக் குக்கி என்பர். அடுத்த முறை கடவுச்சொல்லைக் கேட்காமல் உங்களை உள்ளே விடுவது அந்தச் சீட்டுதான். அதன் படியை வைத்திருப்பவர், கடவுச்சொல்லை அறியாமலே உங்கள் கணக்கில் நுழைய இயலும். இருபடிச் சரிபார்ப்பு இருந்தாலும், அதை ஏற்கெனவே கடந்து பெற்ற சீட்டு ஆதலால் பாதுகாப்புக் கிட்டாது.

ரோப்ளாக்ஸ் தரும் சீட்டின் பெயர் `.ROBLOSECURITY` என்பதாகும். அதன் தொடக்கத்திலேயே நிறுவனம் ஓர் எச்சரிக்கையைப் பதித்து வைத்துள்ளது:

```
WARNING:-DO-NOT-SHARE-THIS.
```

இதைப் பகிராதீர் என்பது பொருள். ‘இந்த வரியை உலாவியில் ஒட்டுக’, ‘இந்தக் கோப்பைச் சேமித்து எனக்கு அனுப்புக’, ‘இந்தப் பொத்தானைப் புத்தகக்குறிப் பட்டைக்கு இழுத்துவிடுக’ என்று ஒருவர் கூறினால், அவர் பெரும்பாலும் இந்தச் சீட்டையே தேடுகிறார் என்று அறிக.

4. பண்டமாற்றில் நிகழும் ஏமாற்று

விளையாட்டுப் பொருள்களை மாற்றிக்கொள்வதிலும் இதே உண்மை பயன்படும். அடாப்ட் மீ என்னும் விளையாட்டில் செல்லப் பிராணிகளை மாற்றிக்கொள்ளலாம். இருவர் தரும் பொருள்களும் ஒரே சாளரத்தில் எதிரெதிரே வைக்கப்படும். இருவரும் ஏற்ற பின், இறுதியாக உறுதி செய்ய மீண்டும் ஒருமுறை கேட்கும். அந்தச் சாளரத்தில் உள்ளது மட்டுமே கணக்கேட்டில் ஏறும். வாயால் சொன்னது ஏறாது.

ஏமாற்றுவோர் இந்தச் சாளரத்தை வளைத்துச் செல்லவே முயல்வர். ‘நீ முதலில் கொடு, அடுத்த மாற்றில் நான் இரண்டாகத் தருகிறேன், இது நம்பிக்கைச் சோதனை’ என்பார் ஒருவர். ‘என் நண்பர் இடைநின்று இருவர் பொருளையும் வைத்திருப்பார்’ என்பார் மற்றொருவர். அந்த நண்பரும் அவரும் ஒரே குழுவினர். மூன்றாமவர், சாளரத்தில் அரிய பிராணியை வைத்துக் காட்டிவிட்டு, அவசரப்படுத்திப் பேசிக்கொண்டே, அதே தோற்றமுடைய மலிவான பிராணியை மாற்றி வைப்பார். இறுதி உறுதிக்கு முன் ஒவ்வொரு பொருளின் பெயரையும் மீண்டும் படிப்பதே இதற்கு மருந்து. இருவரும் ஒப்பிய மாற்றத்தை நிறுவனம் பொதுவாகத் திருப்பித் தருவதில்லை.

இந்தியாவில் இதனோடு யூபிஐ ஏமாற்றும் சேர்ந்துகொள்கிறது. ‘உன் பிராணிக்கு 500 ரூபாய் தருகிறேன், இந்தக் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பின் எண்ணை இடு, பணம் வந்துவிடும்’ என்பார் அறியாதவர். யூபிஐயில் பணம் பெறுவதற்குப் பின் எண் ஒருபோதும் தேவையில்லை. பணம் அனுப்பும்போது அது கேட்கப்படும். பணம் வரும் என்று சொல்லிப் பின் எண் கேட்கப்படுகிறது என்றால், பணம் உங்கள் வீட்டுக் கணக்கிலிருந்து வெளியே செல்கிறது என்று பொருள்.

5. ஏமாந்துவிட்டால்

சீட்டோ கடவுச்சொல்லோ வெளியே சென்றிருந்தால், கணக்கின் பாதுகாப்பு அமைப்புக்குச் சென்று மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறுக. அவ்வாறு செய்தால் திருடப்பட்ட சீட்டு செல்லாததாகிவிடும். பின்னர்க் கடவுச்சொல்லை மாற்றுக. கணக்கில் உள்ள மின்னஞ்சல் முகவரி உங்களுடையதுதானா என்றும் பார்க்க. அது மாறியிருந்தால், மாற்றிய கடவுச்சொல்லும் பயன்படாது போகலாம். உடனே நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு எழுத வேண்டும்.

வீட்டுப் பணம் போயிருந்தால், பெற்றோரிடம் அந்த நிமிடமே சொல்ல வேண்டும். 1930 என்ற அரசு உதவி எண்ணிலும் `cybercrime.gov.in` என்ற தளத்திலும் முறையிடலாம். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்கு முன் தகவல் சென்றால், அதை வங்கி நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. திட்டு விழும் என்று அஞ்சி ஓர் இரவு காத்திருந்தால், அந்த வாய்ப்பு குறைகிறது. ஏமாற்றியவர் ‘வீட்டில் சொல்லாதே’ என்று கூறுவதும் அந்த இரவைப் பெறுவதற்காகவே.

அருஞ்சொற்பொருள்

செலாவணி – பணமாகப் புழங்குதல்
படி – நகல்
உலாவி – இணையப் பக்கங்களைத் திறக்கும் செயலி
சூழ்ச்சி – தந்திரம்
பண்டமாற்று – பொருளுக்குப் பொருள் கொடுத்து வாங்குதல்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. பாஸ்புக்கில் எண்ணைத் திருத்துவதும் திரையில் ரோபக்ஸ் எண்ணை மாற்றுவதும் எவ்வகையில் ஒத்தவை?
2. விளையாட்டு உருவத்தின் படம் தோன்றுவது ஏன் சான்றாகாது?
3. பக்கத்தை நடத்துபவர்க்குப் பணம் தருபவர் யார்? எதற்காகத் தருகிறார்?

ஆ. காரணம் கூறுக.
1. கடவுச்சொல்லை அறியாதவரும் ஒருவர் கணக்கில் நுழைய முடிகிறது.
2. பணம் பெறுவதற்குப் பின் எண் கேட்பவரை நம்பக்கூடாது.

இ. உங்கள் தம்பியோ தங்கையோ ‘நம்பிக்கைச் சோதனை’ மாற்றுக்கு ஒப்புக்கொள்ளும் நிலையில் இருப்பதாகக் கொள்க. அவருக்கு நீங்கள் கூறும் அறிவுரையை ஓர் உரையாடலாக எட்டு வரிகளில் எழுதுக.

ஈ. ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்னும் பழமொழிக்கு, இப்பாடத்தில் இல்லாத வேறோர் எடுத்துக்காட்டு தருக.