நூறாவது நாளின் நட்டம்

2024 ஜூன் 3, திங்கட்கிழமை. மக்களவைத் தேர்தல் முடிவுகள் மறுநாள் வரவிருந்தன. வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கருத்துக்கணிப்புகளை நம்பி, பங்குச் சந்தை அன்று ஒரே நாளில் 3 சதவீதத்துக்கு மேல் ஏறியது. நிஃப்டி 23,263.90 புள்ளிகளில் முடிந்தது. செவ்வாய் மாலை அது 21,884.50-ல் நின்றது. ஒரே நாளில் 5.93 சதவீதச் சரிவு. வங்கிப் பங்குகளுக்கான பேங்க் நிஃப்டி இன்னும் மோசமாக, 7.95 சதவீதம் விழுந்தது.

அந்தத் திங்கட்கிழமை மாலை ஒருவரிடம் ஐந்து லட்ச ரூபாய் முதலீடு இருந்ததாக வைத்துக்கொள்வோம். மூன்று லட்சம் நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில், இரண்டு லட்சம் பேங்க் நிஃப்டி ஃபண்டில். “நாளைக்கு எனக்கு எவ்வளவு நட்டம் வரலாம்?” என்று அவர் கேட்கிறார். இந்தக் கேள்விக்கு நிதித் துறை முப்பது ஆண்டுகளாகச் சொல்லிவரும் விடைதான் வேல்யூ அட் ரிஸ்க், சுருக்கமாக விஏஆர். ஜே.பி. மார்கன் வங்கியின் தலைவராக இருந்த டெனிஸ் வெதர்ஸ்டோன், வங்கி முழுவதன் அபாயமும் ஒரே பக்கத்தில் தினமும் மாலை 4.15-க்குத் தன் மேசைக்கு வர வேண்டும் என்று கேட்டார். அதற்காக உருவான கணக்கு முறையை 1994-ல் அந்த வங்கி ரிஸ்க்மெட்ரிக்ஸ் என்ற பெயரில் வெளியிட்டது. அதன் பிறகு அது உலகெங்கும் பரவியது.

விஏஆர் என்பது ஒரு ரூபாய்த் தொகை. “ஒரு நாளுக்கு, 99 சதவீத நம்பிக்கையில், விஏஆர் 12,500 ரூபாய்” என்றால், நூறு வர்த்தக நாட்களில் தொண்ணூற்றொன்பதில் நட்டம் 12,500-ஐத் தாண்டாது என்று பொருள். மீதி ஒரு நாளில் தாண்டும். எவ்வளவு தாண்டும்? 13,000 ஆகவும் இருக்கலாம், 70,000 ஆகவும் இருக்கலாம். விஏஆர் அதைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை. இதை அதிகபட்ச நட்டம் என்று படிப்பவர்கள்தான் அதிகம். அது அதிகபட்சமே அல்ல, மோசமான நாட்கள் எங்கே தொடங்குகின்றன என்று காட்டும் எல்லைக்கோடு. ஆண்டுக்கு ஏறக்குறைய 250 வர்த்தக நாட்கள் என்பதால், கணக்கு சரியாகவே இருந்தாலும் அந்தக் கோடு வருடத்துக்கு இரண்டு மூன்று முறை தாண்டப்படத்தான் செய்யும்.

நம் முதலீட்டாளரின் தொகையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். முதலில் தேவை, ஒவ்வொரு ஃபண்டும் ஒரு நாளில் சராசரியாக எவ்வளவு ஆடுகிறது என்ற அளவு. பள்ளிக் கணக்கில் படித்த திட்ட விலக்கம்தான் அது. அமைதியான காலத்துக்கு நிஃப்டிக்கு 1 சதவீதம், பேங்க் நிஃப்டிக்கு 1.3 சதவீதம் என்று எடுத்துக்கொள்கிறேன். மூன்று லட்சத்தில் 1 சதவீதம் 3,000 ரூபாய். இரண்டு லட்சத்தில் 1.3 சதவீதம் 2,600 ரூபாய். இரண்டையும் அப்படியே கூட்டினால் 5,600. ஆனால் இரண்டும் எப்போதும் ஒரே அளவில் சேர்ந்து ஏறி இறங்குவதில்லை. அவற்றுக்கிடையிலான ஒட்டுறவு 0.85 என்று வைத்தால், மொத்த முதலீட்டின் ஆட்டம் கொஞ்சம் குறைந்து, நாளுக்கு ஏறக்குறைய 5,390 ரூபாய் ஆகிறது. கணக்கு இவ்வளவுதான்:

```
√(3000² + 2600² + 2 × 0.85 × 3000 × 2600) ≈ 5387
```

இரண்டு ஃபண்டுகளில் பிரித்துப் போட்டதால் கிடைத்த பாதுகாப்பு எவ்வளவு சிறியது என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். நிஃப்டியிலேயே வங்கிப் பங்குகள் பெரும்பங்கு வகிப்பதால், இவர் ஒரே பங்குகளை இரண்டு பெயர்களில் வாங்கி வைத்திருக்கிறார்.

அடுத்த படியில்தான் ஒரு பெரிய அனுமானம் உள்ளே நுழைகிறது. தினசரி ஏற்ற இறக்கங்கள் இயல்நிலைப் பரவலின்படி, அதாவது மணி வடிவ வளைகோட்டின்படி அமைகின்றன என்று எடுத்துக்கொள்கிறோம். அந்த வளைகோட்டில் மிக மோசமான 1 சதவீத நாட்கள், திட்ட விலக்கத்தைப் போல 2.33 மடங்கு தள்ளித் தொடங்குகின்றன. 5,387-ஐ அதனால் பெருக்கினால் ஏறக்குறைய 12,500 ரூபாய். திங்கட்கிழமை மாலை அவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய விடை இதுதான்.

செவ்வாய்க்கிழமை அவருக்கு வந்த நட்டம்: நிஃப்டி ஃபண்டில் 17,790, பேங்க் நிஃப்டி ஃபண்டில் 15,900, ஆக மொத்தம் 33,690 ரூபாய். விஏஆர் சொன்னதைப் போல ஏறக்குறைய 2.7 மடங்கு.

இதை வெறும் துரதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிட முடியுமா? இந்த நட்டம் திட்ட விலக்கத்தைப் போல 6.25 மடங்கு. மணி வடிவ வளைகோடு சொல்வது உண்மையானால், இப்படி ஒரு நாள் ஏறக்குறைய இரண்டு கோடி ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் வர வேண்டும். ஆனால் இருபது ஆண்டுகளுக்குள் நம் சந்தை பார்த்தது என்ன? 2004 மே 17-ல் சென்செக்ஸ் 11 சதவீதம் விழுந்தது. 2008 அக்டோபர் 24-ல் மீண்டும் ஏறக்குறைய 11 சதவீதம். 2020 மார்ச் 23-ல் நிஃப்டி 13 சதவீதம். ஆகவே பிழை அந்த வளைகோட்டில்தான் இருக்கிறது.

சந்தையின் உண்மையான பரவலுக்குத் தடித்த வால் உண்டு என்பார்கள் புள்ளியியலாளர்கள். மணி வளைகோட்டின் இரு ஓரங்களும் மிக வேகமாக மெலிந்து ஒன்றுமில்லாமல் போகின்றன. சந்தையின் ஓரங்கள் அப்படி மெலிவதில்லை. ஸ்டூடன்ட் டி என்ற பரவலைக் கொண்டு, நான்கு சுயேச்சை அளவெண்களோடு, அதே 5,387 ரூபாய்த் திட்ட விலக்கத்தை வைத்துக் கணக்கிட்டால், 33,690 ரூபாய் நட்டம் வருவது இரண்டு கோடி ஆண்டுகளுக்கு ஒரு முறை என்பது மாறி, ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகளுக்கு ஒரு முறை என்றாகிறது. நாம் வாழும் சந்தை இந்த இரண்டாவது விடைக்குத்தான் நெருக்கமானது.

இதற்குள் இன்னொரு செய்தி இருக்கிறது, பலரும் கவனிக்காதது. வால் தடித்திருப்பதால் எல்லா இடத்திலும் விஏஆர் குறைத்துச் சொல்கிறது என்று நினைத்தால் தவறு. 95 சதவீத நம்பிக்கையில் மணி வளைகோடு தரும் விஏஆர் 8,860 ரூபாய். தடித்த வால் பரவல் தருவது 8,120 ரூபாய்தான். இங்கே பழைய கணக்கு கொஞ்சம் கூட்டியே சொல்லியிருக்கிறது. 99 சதவீதத்தில் நிலைமை மாறுகிறது: 12,530-க்கு எதிராக 14,270. ஆயிரத்தில் ஒரு நாளைக் கேட்கும் 99.9 சதவீதத்துக்குப் போனால் 16,650-க்கு எதிராக 27,320. கோட்டைத் தள்ளி வைக்க வைக்க இடைவெளி பெருகுகிறது. தடித்த வால் பரவலில் பெரும்பாலான நாட்கள் சின்னச் சின்ன அசைவுகளாகவே கழியும். திட்ட விலக்கத்தைத் தூக்கி நிறுத்துவது அந்தச் சில பயங்கர நாட்கள். அதனால்தான் 95 சதவீத விஏஆரை மாதக்கணக்கில் சோதித்துப் பார்த்து, “கணக்கு சரியாகத்தான் இருக்கிறது” என்று ஒருவர் நிம்மதியடைய முடிகிறது. அவர் சோதித்தது வாலை அல்ல.

மணி வளைகோடே வேண்டாம், கடந்த 250 நாட்களின் உண்மையான ஏற்ற இறக்கங்களை வரிசைப்படுத்தி மூன்றாவது மோசமான நாளை எடுத்துக்கொள்வோம் என்று ஒரு வழி உண்டு. வரலாற்று முறை என்பார்கள். எக்செல்லில் ஒரே வரி வேலை:

```
=SMALL(A1:A250,3)
```

வளைகோட்டு அனுமானம் இதில் இல்லை என்பது உண்மை. ஆனால் 2024 ஜூனில் நின்று 250 நாள் பின்னோக்கிப் பார்த்தவருக்கு 2020 மார்ச் தெரிந்திருக்காது. அது அந்தச் சாளரத்தை விட்டு எப்போதோ வெளியேறிவிட்டது. மறுநாள் தேர்தல் முடிவு என்று நாட்டில் எல்லோருக்கும் தெரியும், அந்த 250 எண்களுக்குத் தெரியாது.

விஏஆருக்கு நியாயம் செய்யவும் வேண்டும். சந்தை கொந்தளிக்கத் தொடங்கியதும் திட்ட விலக்கத்தை உயர்த்திக்கொள்ளும் முறைகள் உண்டு. ரிஸ்க்மெட்ரிக்ஸே அண்மை நாட்களுக்குக் கூடுதல் எடை கொடுத்தது. அந்த முறையில் 2020 மார்ச் 20 அன்று நிஃப்டியின் தினசரி ஆட்டம் ஏறக்குறைய மூன்றரை சதவீதமாகவும், 99 சதவீத விஏஆர் 8 சதவீதத்தை ஒட்டியும் ஏறியிருக்கும். அமைதிக் காலத்தின் 2.3 சதவீதத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். அப்படியும் அடுத்த வர்த்தக நாளின் சரிவு 13 சதவீதம். வாலின் ஒரு பகுதியைக் கொந்தளிப்பை அளந்து பிடித்துவிடலாம், முழுவதையும் பிடிக்க முடியாது.

இந்தக் குறையை ஒழுங்குமுறை அமைப்புகள் அறியும். பங்கு வாங்குவோர் தங்கள் புரோக்கர் செயலியில் விஏஆர் மார்ஜின் என்ற வரியைப் பார்த்திருக்கலாம். அதற்குப் பக்கத்திலேயே எக்ஸ்ட்ரீம் லாஸ் மார்ஜின் என்று இன்னொன்று வசூலிக்கப்படுகிறது. விஏஆர் கோட்டுக்கு வெளியே விழும் நட்டத்துக்கான ஏற்பாடு அது. வங்கிகளுக்கான பாசெல் விதிகளும் வர்த்தக முதலீடுகளின் மூலதனத் தேவையைக் கணக்கிட 99 சதவீத விஏஆரைக் கைவிட்டு, எக்ஸ்பெக்டட் ஷார்ட்ஃபால் என்ற அளவுக்கு மாறின. அது கேட்கும் கேள்வி வேறு: கோடு தாண்டப்பட்ட நாட்களில் சராசரி நட்டம் எவ்வளவு? நம் ஐந்து லட்சத்துக்கு, 99 சதவீதக் கோட்டைத் தாண்டிய நாட்களின் சராசரி, மணி வளைகோட்டில் 14,360 ரூபாய். தடித்த வாலில் 19,890 ரூபாய். அதற்கும் ஜூன் 4-ன் நட்டம் அடங்கவில்லை, சராசரி என்பதால் அடங்கவும் வேண்டியதில்லை.

சிறு முதலீட்டாளருக்கு இதைவிட எளிய வழி ஒன்றை நான் பரிந்துரைப்பேன். நடந்த மோசமான நாட்களை அப்படியே தன் இன்றைய முதலீட்டின் மீது ஓட்டிப் பார்ப்பது. 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி 13 சதவீதம், பேங்க் நிஃப்டி 16.7 சதவீதம் விழுந்தன. ஐந்து லட்சத்தில் அது ஏறக்குறைய 72,000 ரூபாய். விஏஆர் தாளில் 12,500 என்று எழுதியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இந்தத் தொகையையும் எழுதி வைத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒரே முதலீட்டைப் பற்றியவை.

2024 ஜூன் 7 வெள்ளிக்கிழமைக்குள் நிஃப்டி 23,290-ஐ எட்டி, விழுந்ததை முழுவதும் மீட்டுவிட்டது. சொந்தப் பணத்தில் வாங்கிப் பொறுமையாக இருந்தவருக்கு அந்த 33,690 ரூபாய் மூன்று நாள் கலக்கம் மட்டுமே. ஃபண்டை அடகு வைத்துக் கடன் வாங்கி வர்த்தகம் செய்தவருக்கு, 12,500-ஐ நம்பி 15,000 ரூபாய் மட்டுமே கையிருப்பில் வைத்திருந்தவருக்கு, செவ்வாய்க்கிழமையே கூடுதல் பணம் கேட்டு அழைப்பு வந்திருக்கும். கட்ட முடியாவிட்டால் அன்றைய விலையிலேயே விற்கப்பட்டிருக்கும், வெள்ளிக்கிழமை அவருக்கு வந்து சேர்ந்திருக்காது.