மாமாவின் குரல்தான், பேசியது மாமாவா?

அம்மாவின் கைப்பேசிக்குத் தெரியாத எண்ணிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

"அக்கா, நான் சேகர் பேசறேன். என் போன் தொலைஞ்சுபோச்சு, இது ஃப்ரெண்டோட நம்பர். பஸ் ஸ்டாண்டுல மாட்டிக்கிட்டு நிக்கிறேன். பேங்க் கார்டும் பர்ஸோட போயிடுச்சு. இந்த நம்பருக்கு எட்டாயிரம் ஜீபே பண்ணு. திரும்பக் கூப்பிடாதே, சார்ஜ் இல்ல."

மொத்தம் 15 வினாடி. அச்சு அசல் சேகர் மாமாவின் குரல். அம்மா பதறிப்போய்ப் பணம் அனுப்பக் கிளம்பிவிட்டார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். அந்த 15 வினாடியை நாம் ஆராய்ந்து பார்ப்போம்.

குரலை எப்படி நகல் எடுக்கிறார்கள்?

பேசும்போது தொண்டையிலுள்ள குரல்மடிப்புகள் அதிர்கின்றன. பெரிய ஆண்களுக்குப் பொதுவாக வினாடிக்கு 100 முதல் 130 முறை வரை, பெண்களுக்கு 200 முறையை ஒட்டி, உங்களைப் போன்ற சிறுவர்களுக்கு அதைவிட அதிகமாக அதிரும். அந்த ஒலி தொண்டை, வாய், மூக்கு வழியாக வெளியே வரும்போது அவற்றின் அளவுக்கும் வடிவத்துக்கும் ஏற்பச் சில அதிர்வெண்கள் வலுக்கின்றன, சில மங்குகின்றன. ஒவ்வொருவருக்கும் அந்த வடிவம் வேறு. அதனால்தான் வாசலில் நின்று கூப்பிட்டாலே யார் வந்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது.

இந்த வலுக்கும் மங்கும் ஒழுங்கைக் கணினி எண்களாகப் பிடித்துக்கொள்ளும். 2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 'வால்-இ' என்ற நிரலைப் பற்றி அறிவித்தார்கள். 60,000 மணி நேர ஆங்கிலப் பேச்சில் பழக்கிய நிரல் அது. ஒருவரின் குரல் 3 வினாடி கிடைத்தால் போதும், அவர் சொல்லாத வாக்கியத்தையும் அவர் குரலிலேயே சொல்லிவிடும். சேகர் மாமா கல்யாண வீடியோ ஒன்றில் வாழ்த்துச் சொல்லியிருந்தால், அந்த அளவு குரல் அதிலேயே கிடைத்துவிடும்.

இதில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எழுதிக் கொடுத்ததைக் கணினி மாமாவின் குரலில் வாசிப்பது. இன்னொன்று, மோசடிக்காரர் தானே பேச, அந்தப் பேச்சின் குரலை மட்டும் கணினி மாமாவின் குரலாக மாற்றுவது. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சோதனைக்கு அது தேவைப்படும்.

முதல் சோதனை: காது

மெசேஜை ஹெட்போனில், பேச்சின் பொருளை விட்டுவிட்டு உச்சரிப்பை மட்டும் கவனித்துக் கேளுங்கள். தமிழில் இதற்கு ஒரு நல்ல இடம் இருக்கிறது. 'பேங்க்', 'ஜீபே' இரண்டிலும் எழுதுவது ஒரே 'பே'. ஆனால் 'பேங்க்' என்று சொல்லும்போது 'கம்பம்' என்ற சொல்லின் நடுவே வருகிற ஒலியைத் தொடக்கத்திலேயே கொண்டுவருகிறோம். 'ஜீபே'யில் 'பேனா'வின் பே வருகிறது. எங்கே எந்த ஒலி என்பதை எழுத்து காட்டாது. பேசிப் பழகியவருக்குத்தான் தெரியும். தமிழ் எழுத்தைப் பார்த்து வாசிக்கிற நிரல் இந்த இடத்தில் தடுமாறலாம். 'பேங்க்' என்பதைப் 'பேனா' பே போட்டு வாசித்தால் சந்தேகப்படலாம். அவசரம் என்று சொல்பவர் செய்தி வாசிப்பவரைப் போல ஒரே சீராகப் பேசினாலும், பேருந்து நிலையத்தில் நிற்பவரைச் சுற்றி ஒரு ஹாரன் சத்தம்கூட இல்லாவிட்டாலும் சந்தேகம் வரவேண்டும்.

ஆனால் சந்தேகம் வேறு, முடிவு வேறு. மோசடிக்காரர் தானே பேசிக் குரலை மட்டும் மாற்றியிருந்தால் உச்சரிப்பில் பிழையே இருக்காது. ஹாரன் சத்தத்தைப் பின்னணியில் சேர்ப்பதும் எளிது. இன்னொரு பக்கம், 'பேங்க்' என்பதைப் 'பேனா' பே போட்டே சொல்கிற தாத்தா பாட்டிகள் நம் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் பேசியதையெல்லாம் போலி என்று சொல்ல முடியுமா?

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் 529 பேருக்கு ஆங்கிலத்திலும் சீன மொழியான மாண்டரினிலும் குரல்களைப் போட்டுக் காட்டினார்கள். போலிக் குரல்களை அவர்கள் சரியாகக் கண்டுபிடித்தது 100-க்கு 73 முறை. முன்கூட்டியே போலி மாதிரிகளைக் கேட்கவைத்துப் பழக்கியும் பெரிய முன்னேற்றம் இல்லை.

இரண்டாம் சோதனை: கண்

ஒலியைப் படமாகவும் பார்க்கலாம். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் ஒலிக்கோப்பைத் திறந்து Spectrogram என்ற காட்சியைத் தேர்ந்தெடுங்கள். இடமிருந்து வலம் நேரம். கீழிருந்து மேல் அதிர்வெண். எங்கே பளிச்சென்று இருக்கிறதோ அங்கே ஒலி வலுவாக இருக்கிறது. 'ஆ' என்று நீட்டிச் சொல்லிப் பதிவுசெய்து பாருங்கள், ஒன்றன்மேல் ஒன்றாகக் கோடுகள் தெரியும். 'ஸ்ஸ்ஸ்' என்று சொன்னால் கோடு இருக்காது. 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே பொடி தூவியதைப் போலப் பரவியிருக்கும். மூச்சு இழுப்பது மங்கலான திட்டாகத் தெரியும். இரண்டு சொற்களுக்கு நடுவிலும் அறையின் மெல்லிய இரைச்சல் படிந்திருக்கும்.

செயற்கைக் குரலில் சில நேரம் சொற்களுக்கு நடுவே ஒன்றுமே இல்லாத இருட்டு தெரியும். மேல்பகுதிக் கோடுகள் குழம்பிப்போயிருக்கும். ஆனால் நம் கைப்பேசிகளே இரைச்சலை நீக்கித்தான் பதிவுசெய்கின்றன. ஆகவே, உண்மைப் பதிவிலும் அதே இருட்டு வரலாம்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. இசைத்தட்டுத் தரத்தில் ஒரு வினாடி ஒலியைச் சேமிக்க, ஒரு தடத்துக்கே சுமார் 7 லட்சம் பிட் தேவை. வாய்ஸ் மெசேஜில் அதைச் சில பத்தாயிரம் பிட்டாகச் சுருக்கித்தான் அனுப்புகிறார்கள். காதுக்குப் பெரிதாகத் தெரியாத நுண்விவரங்கள் அந்தச் சுருக்கத்தில் போய்விடுகின்றன. பழைய வகைத் தொலைபேசி இணைப்பு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். நாம் பார்த்த 'ஸ்ஸ்ஸ்' பொடியில் பெரும்பகுதி அதில் வந்தே சேராது. நாம் தேடுகிற தடயங்கள் பலவும் இந்த நுண்விவரங்களில்தான் இருக்கின்றன. மெசேஜ் இரண்டு மூன்று கைமாறி வந்தால், மோசடிக்காரர் எதுவும் செய்யாமலேயே தடயம் அழிந்துவிடுகிறது.

மூன்றாம் சோதனை: கண்டறியும் கருவி

உண்மைக் குரல்களையும் போலிக் குரல்களையும் ஆயிரக்கணக்கில் காட்டிப் பழக்கிய நிரல்கள் இருக்கின்றன. கோப்பைக் கொடுத்தால் 'போலியாக இருக்க வாய்ப்பு 90 சதவீதம்' என்பதுபோல ஒரு விடை வரும். அந்த நிரல் எதைக் கற்றுக்கொண்டது என்பதுதான் கேள்வி.

2021-இல் ஜெர்மனி ஆய்வாளர்கள் ஒரு வேடிக்கையைக் கண்டுபிடித்தார்கள். ஏஎஸ்வி-ஸ்பூஃப் 2019 என்ற புகழ்பெற்ற குரல் தொகுப்பில் உண்மைப் பதிவுகளின் முன்னும் பின்னும் இருந்த மௌனத்தின் நீளம் ஒரு மாதிரி, போலிகளில் வேறு மாதிரி. பேச்சையே கேட்காமல், தொடக்க மௌனத்தின் நீளத்தை மட்டும் வைத்தே 85 சதவீதம் வரை சரியாகச் சொல்ல முடிந்தது! 'சரியா, தவறா' தேர்வில் நீளமான வாக்கியமெல்லாம் சரி என்று கண்டுபிடித்து, பாடம் படிக்காமலேயே மதிப்பெண் வாங்குகிற மாணவனைப் போல. மௌனத்தை வெட்டி எடுத்துவிட்டுச் சோதித்தபோது கருவிகளின் திறமை சரிந்தது.

கருவி பார்க்காத புது நகல் முறை வந்தாலும், அதற்குப் பழக்கமில்லாத மொழியில் பேச்சு இருந்தாலும் இதே தடுமாற்றம் வரலாம்.

நல்ல கருவி என்றே வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். போலியோ உண்மையோ, 100-க்கு 90 முறை சரியாகச் சொல்கிற கருவி. ஓர் ஊரில் 1,000 வாய்ஸ் மெசேஜ்கள் வருகின்றன; அவற்றில் 10 போலி. கருவி 9 போலிகளைப் பிடித்துவிடும், ஒன்று தப்பிவிடும். மீதி 990 உண்மை மெசேஜ்களில் பத்தில் ஒன்று, அதாவது 99 மெசேஜ்களையும் போலி என்று சொல்லிவிடும். ஆக, போலி என்று அது காட்டுபவை 108. உண்மையில் போலி 9. பன்னிரண்டு முறை மணி அடித்தால் ஒரு முறைதான் திருடன்! அதே கருவி உண்மை என்று சொன்ன மெசேஜ்களுக்குள் ஒரு போலியும் ஒளிந்திருக்கிறது.

விடை வேறெங்கோ இருக்கிறது

2024 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், அன்றைய அதிபர் ஜோ பைடனின் குரலில் ஆயிரக்கணக்கானோருக்குத் தொலைபேசி அழைப்பு போனது. கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்புக்கு வராதீர்கள் என்றது அந்தக் குரல். அது செயற்கைக் குரல் என்று வல்லுநர்கள் ஒலியை ஆராய்ந்து சொன்னார்கள். ஆனால் ஏற்பாடு செய்தது யார் என்பதை ஒலி சொல்லவில்லை. அழைப்பு எந்தெந்த நிறுவனங்கள் வழியாக வந்தது என்று அதிகாரிகள் தடம் பிடித்துப் போனார்கள்; கடைசியில் ஓர் அரசியல் ஆலோசகர் ஒப்புக்கொண்டார். அவருக்கு 60 லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

நம் வீட்டு மெசேஜுக்கும் இதே வழிதான். 'இந்தக் குரல் உண்மையா?' என்று கேட்டால் 15 வினாடி ஒலியோடு மல்லுக்கட்ட வேண்டும். 'மாமா இப்போது எங்கே இருக்கிறார்?' என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் விடை கிடைத்துவிடலாம். மெசேஜ் வந்த எண்ணைக் கூப்பிடக் கூடாது. அம்மாவின் கைப்பேசியில் முன்பே இருக்கிற மாமாவின் பழைய எண்ணைக் கூப்பிடுங்கள். எடுக்கவில்லையென்றால் அத்தையைக் கேளுங்கள், அல்லது மாமா வேலைசெய்யும் இடத்தில் விசாரியுங்கள். புதிய எண்ணிலிருந்து மாமா நேரில் பேசுவதுபோலவே பேசினாலும், வீட்டாருக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேளுங்கள். பிறந்தநாள், ஊர்ப் பெயர் வேண்டாம். அவை இணையத்தில் கிடைத்துவிடும்.

மெசேஜில் 'திரும்பக் கூப்பிடாதே' என்று ஒரு வரி இருந்ததே, கவனித்தீர்களா? நாம் சரிபார்ப்பதைத் தடுக்கத்தான் அந்த வரி. குரலில் எந்தக் குறையும் இல்லாவிட்டாலும் அந்த ஒரு வரிக்காகவே பணம் அனுப்பாமல் நிறுத்திவைக்கலாம்.

இன்று இரவு சாப்பிடும்போது வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஒரு ரகசியச் சொல்லை முடிவுசெய்யுங்கள். அதை எதிலும் எழுதவும் வேண்டாம், மெசேஜில் அனுப்பவும் வேண்டாம். யாராவது ஏற்கெனவே பணம் அனுப்பி ஏமாந்துவிட்டால் அந்த மெசேஜை அழிக்காதீர்கள்; 1930 என்ற எண்ணுக்கு உடனே பெரியவர்களைப் பேசச் சொல்லுங்கள், அல்லது cybercrime.gov.in தளத்தில் புகார் கொடுக்கச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணம் கைமாறுவதற்கு முன் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு இருக்கிறது.