O(1)-னு சொன்னாங்களே, அந்த O(1) எங்கே?

இந்த வார எபிசோடுல இன்டர்வியூ கேள்விகளைப் பத்திப் பேசினோம். அதுல ஒரு கேள்விக்கு மட்டும் நேரம் பத்தல, அதனால அதை இங்கே எழுதுறேன். கேள்வி இதுதான்: "ஒரு வரிசையோட நடுவுல அடிக்கடி புது எலிமென்ட் நுழைக்கணும். அர்ரே நல்லதா, லிங்க்டு லிஸ்ட் நல்லதா?"

காலேஜ்ல சொல்லித் தந்த பதில் எல்லாருக்கும் மனப்பாடம். அர்ரேயில எந்த இடத்தையும் உடனே எட்டலாம், O(1). ஆனா நடுவுல நுழைச்சா பின்னாடி இருக்கிற எல்லாத்தையும் ஒரு இடம் தள்ளணும், O(n). லிங்க்டு லிஸ்ட்ல நுழைக்கிறது ரெண்டு மூணு பாயின்டரை மாத்துற வேலைதான், O(1). அதனால "லிங்க்டு லிஸ்ட்"னு சொல்லிட்டு வந்துடுவோம். இந்தப் பதில்ல ஒவ்வொரு வரியும் சரி. கடைசி முடிவு மட்டும் பெரும்பாலும் தப்பு.

முதல்ல இடத்தைக் கண்டுபிடிக்கணும்

அர்ரேங்கிறது கல்யாணப் பந்தி மாதிரி. இலைகள் வரிசையா இருக்கு, 40-வது இலை எங்கேன்னு நேரா போய்ப் பார்க்கலாம். நடுவுல ஒருத்தரை உட்கார வைக்கணும்னா அவருக்கு அப்புறம் இருக்கிற எல்லாரும் ஓர் இலை நகரணும்.

லிங்க்டு லிஸ்ட் வீடு வீடா பத்திரிகை வைக்கப் போற மாதிரி. முழு அட்ரஸ் லிஸ்ட் உங்க கையில இல்லை. ஒவ்வொரு வீட்லயும் அடுத்த வீட்டோட அட்ரஸை மட்டும் சொல்லுவாங்க. 40-வது வீட்டுக்குப் போகணும்னா முதல் 39 வீட்டுக் கதவையும் தட்டியே ஆகணும்.

அந்த O(1) எப்போ உண்மைன்னா, நீங்க ஏற்கெனவே அந்த வீட்டு வாசல்ல நிக்கும்போது. அங்கே போய்ச் சேர்ற செலவு தனி, அது O(n). ஆக "நடுவுல நுழைக்கிறது"ங்கிற முழு வேலைக்கு ரெண்டுமே O(n)தான். அப்போ வித்தியாசம் எங்கே? மெமரியில.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

சி++ல 1,00,000 முழு எண்கள், சின்னதுல இருந்து பெருசா வரிசைப்படுத்தி வச்சிருக்கோம்னு எடுத்துக்குவோம். வரிசை கலையாம புது எண்ணை நுழைக்கணும். அர்ரேன்னா இவ்வளவுதான்:

```cpp
auto pos = std::lower_bound(v.begin(), v.end(), x);
v.insert(pos, x);
```

ஒரு `int` 4 பைட். மொத்தம் 400 கிலோபைட், எல்லாம் ஒட்டி ஒட்டி இருக்கு. இடத்தைத் தேட பைனரி சர்ச், சுமார் 17 ஒப்பீடு, அது ஒரு செலவே இல்லை. நடுவுல நுழைச்சா 50,000 எண்கள், அதாவது 200 கிலோபைட் தள்ளணும். கேட்க பயமா இருக்கு. ஆனா பிராசஸர் மெமரியை ஒவ்வொரு எண்ணா எடுக்காது, 64 பைட் கட்டா எடுக்கும். அந்தக் கட்டுக்குப் பேர் கேஷ் லைன். ஒரு தடவை எடுத்தா 16 எண்கள் வந்துடும். வரிசையா படிக்கிறோம்னு தெரிஞ்சதும் அடுத்த கட்டுகளைக் கேட்காமலேயே முன்கூட்டி எடுத்து வைக்கும். விநாடிக்கு 10 ஜிகாபைட் நகர்த்துதுன்னு வச்சாலும் 200 கிலோபைட்டுக்கு 20 மைக்ரோசெகண்ட்.

இப்போ `std::list`. ஒரு நோடுல எண் 4 பைட், ஒழுங்குக்காகச் சும்மா விடுற இடம் 4 பைட், முன்னும் பின்னும் காட்டுற பாயின்டர் ரெண்டும் சேர்ந்து 16 பைட். ஆக 24. லினக்ஸ்ல அலகேட்டரோட சொந்தக் கணக்கையும் சேர்த்தா வழக்கமா 32 பைட் போகும். 400 கிலோபைட் டேட்டா 3.2 மெகாபைட் ஆயிடுச்சு.

சைஸைக் கூட மன்னிக்கலாம். பெரிய பிரச்னை, அடுத்த நோடு எங்கே இருக்குன்னு இந்த நோடைப் படிச்ச பிறகுதான் தெரியும். பிராசஸரால முன்கூட்டி எடுத்து வைக்க முடியாது, காத்திருக்கணும். நோடுகள் சிதறிக் கிடந்து, ஒவ்வொண்ணும் எல்3 கேஷ்ல இருந்து வருதுன்னா ஒரு அடிக்குச் சுமார் 10 நானோசெகண்ட். நடுவுக்குப் போக 50,000 அடி, 500 மைக்ரோசெகண்ட். கேஷ்ல அடங்காம ரேம் வரை போனா ஒரு அடிக்குச் சுமார் 100 நானோசெகண்ட், அப்போ 5 மில்லிசெகண்ட். இவ்வளவும் நடந்து முடிச்ச பிறகுதான் அந்தப் பேர்பெற்ற O(1) பாயின்டர் மாத்தம்.

மெஷினுக்கு மெஷின் எண்கள் மாறும், போக்கு மாறாது. சி++ உருவாக்கின பியார்ன் ஸ்ட்ரூஸ்ட்ரப் 2012-ல ஒரு மாநாட்டுப் பேச்சுல இதே சோதனையைக் காட்டினார். ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணா தேடினாலும்கூட அர்ரேதான் ஜெயிச்சுது.

ஜாவா ஆளுங்க கவனிங்க

ஒரு கான்ட்ராக்ட்ல டெலிவரி வேலைகளை நேர வரிசையில வச்சிருக்கிற சிஸ்டம் ஒண்ணு பார்த்தேன். நடுவுல நிறைய நுழைக்கிறோம்னு சொல்லி யாரோ `ArrayList`-ஐ `LinkedList`-ஆ மாத்தியிருந்தாங்க. புரொஃபைலரைத் திறந்தா மேலேயே `LinkedList.get(i)` நிக்குது. லூப்புக்குள்ள `get(i)` போட்டா ஒவ்வொரு தடவையும் முனையில இருந்து மறுபடி நடக்கும், மொத்த லூப்பே O(n²) ஆயிடும். `add(i, x)`-உம் அப்படித்தான், கிட்ட இருக்கிற முனையில இருந்து நடந்து போய்த்தான் நுழைக்கும். நோடைக் கையில பிடிச்சு வச்சுக்க அந்த கிளாஸ் விடவே விடாது. `ListIterator` வழியா நடந்துக்கிட்டே நுழைச்சாத்தான் உண்டு. பழையபடி `ArrayList`-க்கு மாத்தினோம், அந்த வரி புரொஃபைலர்ல இருந்தே காணாமப் போச்சு.

ரெண்டு முனையிலயும் மட்டும் சேர்த்து எடுக்கிற கியூவா? அதுக்கு `ArrayDeque` இருக்கு, அதுவும் உள்ளே அர்ரேதான்.

அப்போ லிங்க்டு லிஸ்ட் எதுக்கு?

நீங்க ஏற்கெனவே வாசல்ல நிக்கிற இடங்களுக்கு. எல்ஆர்யூ கேஷ் நல்ல உதாரணம்: கடைசியா பயன்படுத்தினது முன்னாடி வரணும், ரொம்ப நாள் தொடாதது பின்னாடி இருந்து விழணும். ஹேஷ் மேப்ல சாவியைக் கொடுத்தா நோடோட அட்ரஸ் நேரா கிடைச்சுடும், நடக்கவே வேண்டாம். அதைப் பிடுங்கி முன்னாடி வைக்கச் சில பாயின்டர் மாத்தினா போதும். பைத்தானோட `lru_cache` சைஸ் வரம்போட ஓடும்போது உள்ளே இப்படித்தான் வேலை செய்யுது. லினக்ஸ் கெர்னல்ல எங்கே பார்த்தாலும் `struct list_head` இருக்கிறதுக்கும் இதுதான் காரணம். அங்கே லிங்க் அந்த ஆப்ஜெக்ட்டுக்குள்ளேயே இருக்கு, ஆப்ஜெக்ட் கையில இருந்தா இடமும் கையில இருக்கு.

இன்னொரு காரணம், அட்ரஸ் மாறாது. `std::vector` நிரம்பினா புது இடத்துக்குக் குடிபோயிடும், பழைய பாயின்டர் எல்லாம் செல்லாது. லிஸ்ட் நோடு அதை அழிக்கிற வரைக்கும் அதே இடத்துல இருக்கும். எலிமென்ட் ஒவ்வொண்ணும் சில கிலோபைட் பெருசா இருந்தாலும் கணக்கு லிஸ்ட் பக்கம் சாயும், ஏன்னா தள்ற செலவு சைஸோட ஏறும், நடக்கிற செலவு அப்படி ஏறாது.

நீங்களே அளந்து பார்க்கணும்னா

ஒரு பொறி இருக்கு. லிஸ்ட்டை 1, 2, 3-ன்னு வரிசையா கட்டி உடனே அளந்தா அது நல்ல வேகமாத் தெரியும். அலகேட்டர் நோடுகளைப் பக்கத்துப் பக்கத்துல கொடுத்திருக்கும், அதான். எண்களைக் குலுக்கிப் போட்டு, ஒவ்வொண்ணையும் அதோட இடத்துல நுழைச்சுக் கட்டுங்க. நிஜ புரோகிராம்ல நோடுகள் அப்படித்தான் சிதறும். லினக்ஸ்ல இதை ரெண்டு வெர்ஷனுக்கும் ஓட்டிப் பாருங்க:

```
perf stat -e cycles,instructions,cache-misses ./a.out
```

ஒரு சைக்கிளுக்கு எத்தனை இன்ஸ்ட்ரக்‌ஷன் ஓடுதுன்னு பாருங்க. லிஸ்ட் பக்கம் அது தரைமட்டத்துல இருந்தா, பிராசஸர் வேலை செய்யல, அட்ரஸுக்காக வாசல்ல நிக்குதுன்னு அர்த்தம்.

அதனால இன்டர்வியூல அந்தக் கேள்வி வந்தா பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க: "நுழைக்க வேண்டிய இடம் ஏற்கெனவே என் கையில இருக்கா, இல்லை தேடணுமா?" தேடணும்னா, எலிமென்ட்டும் சின்னதுன்னா, அர்ரே. கையில இருந்தா லிங்க்டு லிஸ்ட்.

உங்க மெஷின்ல என்ன எண்கள் வந்துச்சுன்னு அனுப்புங்க, அடுத்த எபிசோடுல பேசுவோம்.